நடுவில் ஒன்றுமே இல்லாத வெள்ளைக் கோடு

மூன்று பத்திகள் கொண்ட ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். எல்லாக் கட்டங்களும் கறுப்பு, பின்னணி வெள்ளை. கட்டங்களுக்கு நடுவே இடைவெளி வேண்டாம் என்பதுதான் திட்டம். கேன்வாஸில் வரையும் ஒரு சின்ன நிரல் இது. எழுதியவருடைய திரையில் எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. பக்கத்து மேசைக்காரர் தன் மடிக்கணினியில் திறந்ததும், "முதல் பத்திக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஏன் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறாய்?" என்று கேட்கிறார். யாரும் கோடு போடவில்லை. அதைவிடக் குழப்பம், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அந்தக் கோடு இல்லை. மூன்றாமவர் ஒருவர் திறந்து பார்த்தால் கோடு இடம் மாறி, சரியாக அந்த இரண்டாவது இணைப்பில் வந்து நிற்கிறது.

இந்தக் கோட்டை நானும் பலமுறை துரத்தியிருக்கிறேன். பெரும்பாலும் தவறான இடத்தில்தான் தேட ஆரம்பிப்போம்: மார்ஜினைப் பார்ப்போம், பார்டரைப் பார்ப்போம், படத்தைத் திரும்ப வெட்டுவோம். கோடு இருப்பது அங்கெல்லாம் இல்லை, வகுத்தலில் மிஞ்சிய பின்னத்தில்.

முதலில் திரையின் கணக்கு. பலகையின் அகலம் 400 பிக்சல் என்று நாம் எழுதுவது சிஎஸ்எஸ் பிக்சலில். அது திரையின் உண்மையான புள்ளிகளாக மாறும்போது `devicePixelRatio` என்ற எண்ணால் பெருக்கப்படுகிறது. விண்டோஸில் காட்சி அளவு 150% என்று வைத்திருந்தால் இந்த எண் 1.5, 125% என்றால் 1.25. பிரவுசரில் ஜூம் செய்தாலும் இந்த எண் மாறும். ஆகவே அதே 400, நிரல் எழுதியவருடைய 150% திரையில் 600 புள்ளிகள். மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 200, மிச்சமில்லை. பக்கத்து மேசையின் 125% திரையில் அது 500 புள்ளிகள். மூன்றால் வகுத்தால் 166.67. பிரச்சினை இங்கே பிறந்துவிட்டது. திரையில் 0.67 புள்ளி என்று ஒன்று கிடையாது, ஒரு புள்ளி எரியும்போது முழுதாக ஒரே நிறத்தில்தான் எரியும்.

நிரல் இப்படி எழுதப்பட்டிருந்தது:

```js
const cell = W / 3;
for (let i = 0; i < 3; i++) {
  ctx.fillRect(Math.round(i * cell), 0, Math.floor(cell), H);
}
```

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. தசமம் வரக்கூடாது என்று தொடக்கப் புள்ளியையும் முழு எண்ணாக்கியாயிற்று, அகலத்தையும் முழு எண்ணாக்கியாயிற்று. 500 புள்ளிகளில் இதை ஓட்டிப் பாருங்கள். முதல் கட்டம் 0-இல் தொடங்கி 166-இல் முடிகிறது. இரண்டாவது 166.67-இல் தொடங்க வேண்டும், ரவுண்டு செய்ததால் 167. அது 333-இல் முடிகிறது. மூன்றாவது 333.33-இல் தொடங்க வேண்டும், ரவுண்டு செய்தால் 333. அது 499-இல் முடிகிறது. 166-க்கும் 167-க்கும் நடுவில் ஒரு புள்ளி அகலத்துக்கு யாரும் வண்ணம் பூசவில்லை. 333-இல் இரண்டும் ஒட்டிக்கொண்டன. கடைசியில் வலது ஓரத்தில் இன்னொரு புள்ளி காலி, ஆனால் அது பலகையின் விளிம்பு என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

மூன்றாமவரின் 100% திரையில் மொத்தம் 400 புள்ளிகள், கட்டத்துக்கு 133.33. தொடக்கங்கள் 0, 133, 267. அகலம் 133. முதல் இரண்டும் 133-இல் ஒட்டுகின்றன, இரண்டாவது 266-இல் முடிய மூன்றாவது 267-இல் தொடங்குகிறது. கோடு இடம் மாறியதன் மர்மம் அவ்வளவுதான். தொடக்கத்தை ஒரு விதமாகவும் அகலத்தை வேறு விதமாகவும், ஒன்றுக்கொன்று தெரியாமல் முழுமையாக்கினோம். ஒரு கட்டத்தின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே எண்ணாக இருக்கும் என்பதற்கு நிரலில் உத்தரவாதமே இல்லை.

இங்கே பலருக்கும் தோன்றும் அடுத்த யோசனை, சரி, ரவுண்டு செய்வதால்தானே வம்பு, அதை எடுத்துவிடலாம் என்பது. `fillRect(i * cell, 0, cell, H)` என்று தசமத்தோடே கொடுத்துவிடுகிறோம். இப்போது முதல் கட்டம் முடிவதும் 166.67, இரண்டாவது தொடங்குவதும் 166.67. நூலிழைகூட நடுவில் இல்லை. ஓட்டினால் பளிச்சென்ற வெள்ளைக் கோடு போய்விட்டது, ஆனால் அதற்குப் பதிலாக மங்கலான சாம்பல் கோடு வந்திருக்கிறது. அதுவும் இந்த முறை இரண்டு இணைப்புகளிலும்.

இந்த இரண்டாவது கோடுதான் உண்மையில் சுவாரசியமானது. முதலாவது நம் கவனக்குறைவு, இது கணக்கு சரியாக இருந்தும் வருவது.

166-ஆம் எண்ணுள்ள புள்ளியை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்போம். அது 166-இலிருந்து 167 வரை பரவியிருக்கிறது. முதல் கட்டம் அதில் இடதுபக்கம் மூன்றில் இரண்டு பங்கை மூடுகிறது. இரண்டாவது கட்டம் மீதி மூன்றில் ஒரு பங்கை மூடுகிறது. இரண்டும் சேர்ந்தால் முழுப் புள்ளியும் மூடப்பட்டுவிடும், கறுப்பாக வர வேண்டும். ஆனால் வரைவது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது. முதல் கட்டத்தை வரையும்போது, விளிம்பு படிக்கட்டு மாதிரி தெரியாமல் இருக்க ஆன்டி-ஏலியாசிங் வேலை செய்கிறது. மூன்றில் இரண்டு பங்கு மூடியதால் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பைக் கலக்கிறது. வெள்ளையின் 255 குறைந்து 85 ஆகிறது. அடுத்து இரண்டாவது கட்டம் வருகிறது. அது மூடுவது மூன்றில் ஒரு பங்கு, எனவே இருக்கும் 85-இல் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கிறது. மிஞ்சுவது 57. சுழியத்துக்குப் போகவே இல்லை.

ஏன்? அந்தப் புள்ளியில் முதல் முறை எழுதிய பிறகு நினைவில் இருப்பது ஒரே ஒரு நிறம், 85. எவ்வளவு மூடப்பட்டது என்பது அந்த நிறத்தில் கரைந்திருக்கிறது, எந்தப் பக்கம் மூடப்பட்டது என்பது எங்கேயும் எழுதப்படவில்லை. இரண்டாவது கட்டம் காலியாக இருந்த வலதுபக்கத்தைத்தான் மூட வருகிறது என்று புள்ளிக்குத் தெரியாது. அதனால் சராசரியாக ஊகிக்கிறது: இவர் மூடும் மூன்றில் ஒரு பங்கில் கொஞ்சம் ஏற்கெனவே மூடிய இடத்தின் மேலும், கொஞ்சம் காலி இடத்தின் மேலும் விழும் என்று. பின்னணியின் ஒரு பங்கு எப்போதும் தப்பித்துக்கொள்கிறது.

தப்பும் அளவைச் சுலபமாகச் சொல்லலாம். புள்ளியில் முதல் கட்டம் மூடுவது `f` என்றால் இரண்டாவது மூடுவது `1 - f`, மிஞ்சும் பின்னணி `f × (1 - f)`. விளிம்பு புள்ளியின் நட்டநடுவில் விழுந்தால் இது உச்சம், 0.25. அதாவது பின்னணியின் கால் பங்கு ஒளி கசியும். முழு எண்ணில் விழுந்தால் பூஜ்யம். கறுப்புக் கட்டம், வெள்ளைப் பின்னணி என்றால் இப்படி வரும் கோடு ஒருபோதும் 64-ஐத் தாண்டாது. கோட்டின் நிறம் 255 என்றால் அது நம் முதல் வகை, யாரும் பூசாத புள்ளி. இடைப்பட்ட சாம்பல் என்றால் இரண்டாவது வகை. நிறத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம் என்பதற்காகத்தான் இந்த எண்களை இழுத்தேன்.

இந்த ஊகம் பிரவுசர்காரர்கள் அசட்டையாகச் செய்ததல்ல. லூக்காஸ்ஃபிலிமில் வேலை பார்த்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984-இல் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கணக்கை வகுத்தார்கள். இன்று பிரவுசர் முதல் பட எடிட்டர் வரை எல்லாமே பயன்படுத்துவது அதைத்தான். ஒரு புள்ளிக்கு ஆல்ஃபா என்ற ஒற்றை எண் போதும், மூடிய பகுதி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டாம் என்பது அதன் அடிப்படை. சம்பந்தமில்லாத இரண்டு உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் இந்த ஊகம் நன்றாகவே வேலை செய்யும். ஒரே விளிம்பைப் பகிரும் இரண்டு கட்டங்கள் வந்தால்தான் கவிழ்கிறது.

நம் பலகைக்கு மருந்து என்னவென்றால், அகலத்தை மறந்துவிட்டு விளிம்புகளை மட்டும் முழுமையாக்குவது:

```js
const edge = i => Math.round(i * W / 3);
for (let i = 0; i < 3; i++) {
  ctx.fillRect(edge(i), 0, edge(i + 1) - edge(i), H);
}
```

விளிம்புகள் 0, 167, 333, 500. அகலம் கழித்தலில் தானாக வருகிறது: 167, 166, 167. ஒரு கட்டத்தின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே அழைப்பில் பிறந்த எண் என்பதால் பிரிய வழியில்லை. நடுக் கட்டம் ஒரு புள்ளி ஒல்லி என்பது விலை. கண் அதைக் கண்டுபிடிக்காது. ஒரு புள்ளி அகல வெள்ளைக் கோட்டை அது உடனே கண்டுபிடித்துவிடும்.

இதில் `W` என்பது திரைப் புள்ளிகளில் இருக்க வேண்டும், சிஎஸ்எஸ் பிக்சலில் அல்ல. கேன்வாஸின் உள் அளவும் அதேதான். 400 அகலக் கேன்வாஸில் சரியாக வரைந்துவிட்டு அதை பிரவுசர் 500 புள்ளிக்கு நீட்டட்டும் என்று விட்டால் கோடு வராது, முழுப் படமும் ஒன்றாக நீள்வதால். ஆனால் எல்லாமே சற்று மங்கலாகிவிடும். சரியான புள்ளிக் கணக்கு தெரிய, ஆதரவு இருக்கும் பிரவுசர்களில் `ResizeObserver` தரும் `devicePixelContentBoxSize`-ஐ எடுத்துக்கொள்வது நல்லது. நாமே பெருக்கி ரவுண்டு செய்தால் சில அளவுகளில் ஒரு புள்ளி முன்னே பின்னே போகும்.

சாதாரண சிஎஸ்எஸ் கிரிட்டில் `1fr 1fr 1fr` என்று எழுதினால் ஏன் இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை என்றால், பிரவுசர் உள்ளே செய்வது இதே வேலையைத்தான். குரோம் அளவுகளை 1/64 பிக்சல் துல்லியத்தில் வைத்துக்கொள்கிறது, ஃபயர்பாக்ஸ் 1/60 துல்லியத்தில். 1000 பிக்சலை மூன்றாகப் பிரித்தால் குரோமில் ஒரு பத்தி 333.328125. கடைசியில் வண்ணம் பூசும்போதுதான் ஒவ்வொரு பெட்டியின் விளிம்பும் அருகிலுள்ள புள்ளிக்கு நகர்த்தப்படுகிறது. விளிம்பு நகர்வதால் பக்கத்துப் பெட்டியும் கூடவே நகர்கிறது.

இந்த ஏற்பாடு உடைவது `transform` வந்தவுடன். `scale(1.1)` என்றோ, சுழற்றலோ, தசம எண்ணில் `translate`-ஓ போட்டால், விளிம்பு எங்கே விழுகிறதோ அங்கேயே ஆன்டி-ஏலியாசிங்குடன் வரையப்படுகிறது. சாம்பல் கோடு திரும்பி வந்துவிடும். அனிமேஷன் ஓடும்போது மட்டும் கோடுகள் மின்னி மறைகின்றன என்று வரும் புகார்களில் அநேகமும் இந்த வகை. நகர்த்துவது மட்டும்தான் என்றால் நகரும் தூரத்தைத் திரைப் புள்ளிக்கு முழுமையாக்கிவிடலாம்:

```js
const snap = x => Math.round(x * devicePixelRatio) / devicePixelRatio;
```

பலகை முழுவதற்கும் ஒரே ஒரு முறை இதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக முழுமையாக்கிக்கொண்டே நகர்த்தினால் அகலங்கள் 166-க்கும் 167-க்கும் நடுவே மாறி மாறித் துடிக்கும். அது கோட்டைவிட மோசமாகத் தெரியும்.

பெரிதாக்குவதுதான் என்றால் விவகாரம் கொஞ்சம் கடினம். வரைபடங்கள் இதற்குச் சரியான உதாரணம். பல இணைய வரைபடங்கள் 256 பிக்சல் சதுர டைல்களாக வருகின்றன. ஜூம் 5-க்கும் 6-க்கும் நடுவில் 5.5 என்று நின்றால் டைலை 2-இன் வர்க்கமூலத்தால், அதாவது 1.414-ஆல் பெருக்க வேண்டும். 256 இப்போது 362.04. முதல் டைல் முழு எண்ணில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் இணைப்பு 362.04-இல் விழும், கசிவு சுமார் 4%. மூன்றாவது இணைப்பு 1086.12-இல், கசிவு சுமார் 10%. ஐந்தாவது 1810.19-இல், கசிவு சுமார் 16%. இடமிருந்து வலமாகக் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போகிற மாதிரி தெரியும். வெளிர் நிறச் சாலை வரைபடத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். கரும்பச்சைக் காடோ கடலோ உள்ள செயற்கைக்கோள் படத்தில் அது வலை விரித்த மாதிரி இருக்கும்.

லீஃப்லெட் என்ற வரைபட நூலகத்தில் இந்தக் கோடு பல வருடமாகத் தெரிந்த பிரச்சினை. முழு எண் ஜூம்களில் மட்டும் நிற்பதே அதன் இயல்பு என்பதால், `zoomSnap`-ஐ 1-க்குக் கீழே இறக்கியவர்களுக்குத்தான் அது அதிகம் கண்ணில் படும். 1.9 வரிசையில் அவர்கள் சேர்த்த தீர்வு ஒரே வரி:

```css
.leaflet-container img.leaflet-tile {
  mix-blend-mode: plus-lighter;
}
```

இது என்ன செய்கிறது என்றால், ஒன்றன்மேல் ஒன்று மூடும் கணக்கை விட்டுவிட்டு வெறுமனே கூட்டுகிறது. முதல் டைல் `f` அளவு தருகிறது, இரண்டாவது `1 - f` அளவு தருகிறது, கூட்டினால் 1. கசிய ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தக் கூட்டலும் போர்ட்டர், டஃப் இருவரின் அதே 1984 கட்டுரையில் உள்ளதுதான்.

ஆனால் இதைப் பார்த்துவிட்டு நம் பக்கத்தில் அப்படியே ஒட்டினால் ஏமாறுவோம். கூட்டல் சரியாக வர, அடியில் ஒளிபுகும் வெறுமை இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியின் மேல் நேரடியாகக் கூட்டினால் எல்லாம் 255-ஐத் தொட்டு வெள்ளையாகிவிடும். டைல்களைச் சுற்றியுள்ள உறைக்கு `isolation: isolate` போட்டு, அந்த உறைக்குப் பின்னணி நிறம் எதுவும் தராமல் இருந்தால்தான் வேலை செய்யும். டைல்கள் நிஜமாகவே ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் அந்தப் பகுதி அசாதாரணமாக வெளுக்கும். படம் இப்படி வெளுத்தால் இந்த இரண்டு இடங்களைப் பாருங்கள்.

நடைமுறையில் மக்கள் அதிகம் செய்வது இன்னும் எளிமையான ஒரு தந்திரம்: டைலை ஒரு பிக்சல் பெரிதாக்கி அடுத்ததன் மேல் ஏற்றிவிடுவது. முழுக்க ஒளிபுகாத படங்களுக்கு அது போதும், நானும் அவசரத்துக்கு அதைத்தான் செய்வேன். பாதி ஒளிபுகும் படமாக இருந்தால் ஏறிய பட்டையின் அடர்த்தி கூடி, வெள்ளைக் கோடு போய்க் கறுத்த கோடு வந்துவிடும். இன்னொன்று, பின்னணியையே டைல்களின் நிறத்துக்கு அருகில் மாற்றிவிடுவது. கசிவு இருக்கும், தெரியாது.

சுழற்றும்போது விளிம்பை முழுமையாக்கவே முடியாது, சாய்ந்த கோடு புள்ளிகளை எல்லா இடத்திலும் வெட்டும். அங்கே நம்பகமான வழி, எல்லாக் கட்டங்களையும் முதலில் ஒரே கேன்வாஸில் முழு எண்களில் வரைந்துவிட்டு, அந்த ஒரே படத்தைச் சுழற்றுவது. ஒரே படத்துக்குள் இணைப்பு என்று ஒன்று இருக்காது. கட்டங்களை ஒரு `div`-க்குள் போட்டு அதைச் சுழற்றினால் போதாதா என்றால், பல சமயம் போதாது. படம் கூர்மையாக இருக்க வேண்டும் என்று பிரவுசர் அந்தக் கோணத்திலோ அளவிலோ ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி வரைந்துவிடக்கூடும்.

முப்பரிமாண விளையாட்டுகளில் லட்சக்கணக்கான முக்கோணங்கள் விளிம்பைப் பகிர்ந்தும் இந்தச் சாம்பல் கோடு வருவதில்லை. அங்கே புள்ளியின் நடுவிடம் எந்த முக்கோணத்துக்குள் இருக்கிறது என்று மட்டும் பார்த்து, ஒன்றுக்கே முழுப் புள்ளியையும் கொடுத்துவிடுகிறார்கள். மென்மை வேண்டுமானால் புள்ளிக்குள் நான்கு, எட்டு இடங்களில் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். 'எந்தப் பக்கம்' என்ற தகவல் அங்கே தொலைவதில்லை. அவர்களுக்கு வரும் கோடு வேறு வகை: ஒரே பெரிய படத்தில் அடுக்கிய சிறு படங்களில், பக்கத்துப் படத்தின் நிறம் விளிம்பில் ஒட்டிக்கொள்வது. அதற்கு ஒவ்வொரு சிறு படத்தின் ஓரத்தையும் ஒரு பிக்சல் நீட்டி அடுக்குவார்கள்.

அப்புறம், கோட்டைப் பார்த்ததும் இதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. படத்துக்குக் கீழே மட்டும் நாலைந்து பிக்சல் இடைவெளி என்றால் அது எழுத்து வரிசைக்காக விடப்பட்ட இடம், `display: block` போட்டால் போய்விடும். `inline-block` பெட்டிகளுக்கு நடுவே இருப்பது எச்டிஎம்எல்லில் நாம் விட்ட வெற்றிடம். இவை இரண்டும் ஜூம் செய்தால் கூடவே பெரிதாகும். பின்னத்தால் வரும் கோடு ஜூம் செய்தால் பெரிதாகாது, ஒரு புள்ளி அகலத்திலேயே இருக்கும், மங்கும், தாவும், காணாமல் போகும்.

உறுதிசெய்ய நான் செய்வது, பின்னணியை மெஜந்தா ஆக்கிவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எடிட்டரில் பெரிதாக்கி, கோட்டின் நிறத்தை எடுத்துப் பார்ப்பது. கைபேசியில் திரையைப் படம் பிடித்தால் பயனில்லை. நம் பலகையில் `rgb(255, 0, 255)` வந்தால் யாரும் பூசாத புள்ளி, நிரலில் ரவுண்டு செய்யும் இடத்தைத் தேட வேண்டும். `rgb(57, 0, 57)` வந்தால் 166.67-இன் கசிவு, எங்கோ தசம விளிம்பு வரைதல்வரை வந்துசேர்ந்திருக்கிறது. இது தவிர ஒரு மூன்றாவது சாத்தியமும் உண்டு: ஜூமை எப்படி மாற்றினாலும் எல்லா இணைப்பிலும் அசையாமல் ஒரே மெஜந்தா சாயல். அப்படி இருந்தால் படக் கோப்பையே திறந்து ஓரத்துப் பிக்சல்களின் ஆல்ஃபாவைப் பாருங்கள். வடிவமைப்புக் கருவியில் படத்தின் சட்டகம் 120.5 என்ற இடத்தில் நின்றபடியே ஏற்றுமதி ஆகியிருந்தால், பாதி ஒளிபுகும் விளிம்பு கோப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும். அதை எந்த சிஎஸ்எஸ்ஸாலும் சரிசெய்ய முடியாது, சட்டகத்தை 120-க்கோ 121-க்கோ நகர்த்தி மறுபடி ஏற்றுமதி செய்ய வேண்டியதுதான்.